"ஒடம்பு சூடு" என்பதை டொக்டரிடம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

சாமிமலைக்காரி | ஞாயிறு, மாலை 5.50

அவசரம் கலந்த ஒரு சந்தேகம். அண்ணிக்குத் தலைப்பிள்ளை, 31 வாரம் நடக்கிறது. போன மாதம் வரை மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தவர். ஒரு கிழமையாக "ஒடம்பு சூடா இருக்கு, நீர் சூடா போகுது, அடிவயித்துல சூட்டு வலி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், எது என்பது இங்கே வேண்டாம். அன்று இருந்த டொக்டருக்குத் தமிழ் வராது. எனக்குச் சிங்களம் பஸ்ஸில் இடம் கேட்கும் அளவுக்குத்தான். அதனால் இங்கிலீஷில் "பாடி ஹீட்" என்றேன். அவர் உடனே தேர்மோமீட்டரை வைத்துப் பார்த்தார். 98.4. "நோ ஃபீவர்" என்று சொல்லி, பனடோல் எழுதி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார், "சூட்டுக்கு மருந்து கேட்டா காய்ச்சலுக்குக் குடுக்குறாங்களே?" எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குத் திரும்பக் கூட்டிப்போகப் போகிறேன். உடம்பு சூட்டுக்குச் சரியான இங்கிலீஷ் சொல் என்ன?

ஊவா வாத்தியார் | ஞாயிறு, மாலை 6.15

நல்ல கேள்வி. என் கணிப்பில் சரியான சொல் "இன்ஃப்ளமேஷன்". அந்தச் சொல்லுக்கே லத்தீனில் தீ மூட்டுதல் என்றுதான் அர்த்தம். தமிழில் அதற்கு வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள், அழற்சி. அழல் என்றால் தீ. ஆக வெள்ளைக்காரனும் நாமும் ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். வாய்ப்புண், கண் சூடு, நீர்க்கடுப்பு, மூலம், சூட்டுக் கொப்புளம் எல்லாவற்றிலும் ஒரு அழற்சி இருக்கிறது. டொக்டரிடம் இன்ஃப்ளமேஷன் என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

பார்மசி பெடியன் | ஞாயிறு, மாலை 6.22

சேர், அவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. நீர் சூடா போகுதுன்னா யூரின் இன்ஃபெக்ஷன், வேறு ஒன்றும் கிடையாது. எங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு நாலு பேராவது இதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். நோர்ஃப்லொக்ஸாசின் காலையில் ஒன்று, இரவில் ஒன்று, மூன்று நாள். முடிந்தது கதை.

பழைய மருந்துக்காரன் | ஞாயிறு, மாலை 6.40

தம்பி, முதலில் அந்தக் குளிசையைக் கீழே வை. வயிற்றில் பிள்ளை இருப்பவருக்கு அந்த வகை மருந்தைக் கொடுக்க மாட்டார்கள். நீ நோயை ஊகித்தது சரியாகவே இருக்கலாம், ஆனால் ஆள் யார் என்று பார்க்காமல் கை நீட்டிவிட்டாய்.

நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். வாத்தியாருக்கும் ஒன்று சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். டொக்டரிடம் போய் இன்ஃப்ளமேஷன் என்றால், "எங்கே?" என்று கேட்பார். அதற்குப் பதில் இல்லாவிட்டால் பாடி ஹீட் என்று சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. நம் ஆட்கள் சூடு என்னும்போது நோயைச் சொல்லவில்லை, அது எதனால் வந்தது என்று தாங்களே கண்டுபிடித்த காரணத்தைச் சொல்கிறார்கள். டொக்டருக்குக் காரணம் வேண்டாம். எந்த இடம், என்ன செய்கிறது, எத்தனை நாள், இந்த மூன்றும்தான் வேண்டும். சூட்டைத் தூக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும்.

சரி, அது அப்புறம். மகள், அண்ணியிடம் இப்போதே கேட்டுச் சொல்லுங்கள்:

நீர் போகும்போது எரிகிறதா, போன பிறகா? கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகிறதா? ராத்திரியில் உடம்பு நடுங்கிக் குளிர் எடுத்ததா? விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம், ஒரு பக்கமாக வலி இருக்கிறதா? அந்தச் சூட்டு வலி விட்டு விட்டு வருகிறதா, வரும்போது வயிறு கல்லு மாதிரி இறுகுகிறதா? பிள்ளை அசைகிறதா?

இன்னொன்று. வெள்ளிக்கிழமை தேர்மோமீட்டர் வைக்குமுன் வீட்டில் பனடோல் ஏதும் போட்டாரா?

இரவுப்பறவை | ஞாயிறு, மாலை 6.58

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் கொழும்பில் ஹோட்டல் வேலை, லீவுக்கு வந்திருக்கிறேன். அடுப்படியில் நிற்கிறதால் சூடு பிடித்துவிட்டது, நீர் கடுக்கிறது, மஞ்சளாக ஏதோ கசிகிறது. அம்மா வெந்தயம் ஊறவைத்துத் தருகிறார், ஐந்து நாளாகியும் குறையவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகுமா?

சாமிமலைக்காரி | ஞாயிறு, மாலை 7.05

ஐயா, கேட்டுவிட்டேன். போகும்போதும் எரிகிறது, போய் முடிந்த பிறகு இன்னும் கூட எரிகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழும்புகிறார், சொட்டுத்தான் வருகிறது. நேற்று ராத்திரி இரண்டு கம்பளி போர்த்தியும் பல் அடித்துக்கொண்டதாம். நாங்கள் மழைக்குளிர் என்று நினைத்துவிட்டோம். வலது பக்க விலாவுக்குக் கீழே கை வைக்க விடுகிறாரில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறுமுன் இரண்டு பனடோல் போட்டிருக்கிறார், அது எனக்கே இப்போதுதான் தெரியும்.

வயிறு இறுகுவது உண்மை. மாமி சீரகத்தண்ணி கொதிக்க வைத்துக் கொடுத்தார், "சூட்டு வலின்னா இதுல நிக்கும்" என்று. கொஞ்சம் நின்றது, இப்போது திரும்ப வந்துவிட்டது. பிள்ளை அசைகிறது.

பழைய மருந்துக்காரன் | ஞாயிறு, மாலை 7.11

நாளைக்கு வேண்டாம், இப்போதே போங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 31 வாரம், நடுக்கம், ஒரு பக்க விலாவலி, விட்டு விட்டு இறுக்கம் என்று நாலையும் சொல்லுங்கள். லயத்துக்கு மேலே வண்டி ஏறாது என்றால் யாரையாவது ரோட்டடியில் டோர்ச்சுடன் நிற்கச் சொல்லுங்கள். கிளினிக் கார்டை மறக்க வேண்டாம்.

சூடு என்ற சொல்லை வாயிலேயே எடுக்க வேண்டாம். இப்படிச் சொல்லுங்கள்: "பர்னிங் வென் பாஸிங் யூரின், வன் வீக். ஷிவரிங் லாஸ்ட் நைட். பெயின் இன் த ரைட் லொயின். டைட்னிங் ஒஃப் த டமி, கமிங் அண்ட் கோயிங்." இலக்கணத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கண்டி வார்ட் அக்கா | ஞாயிறு, இரவு 7.30

நான் நர்ஸ், சொந்த ஊர் தலவாக்கலைப் பக்கம். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த நேரத்தில் டொக்டரைவிட முதலில் உங்களிடம் பேசப்போவது அட்டென்டனோ மிஸ்ஸோதான், பெரும்பாலும் சிங்களத்தில். நம் ஆட்கள் உடம்பு சூடு என்றால் அவர்கள் "எங்க ரஸ்னெய்" என்று திருப்புவார்கள். அது நேராகக் காய்ச்சல். சீட்டில் "ஃபீவர்" என்று ஏறிவிடும், அதற்குப் பிறகு வருகிறவர் எல்லாரும் காய்ச்சலைத்தான் தேடுவார்கள். "சூ கரத்தி தனவா" என்று சொல்லுங்கள், நீர் போகும்போது எரிகிறது என்று புரிந்துகொள்வார்கள். சிங்களவர்களுக்கும் உஷ்ணம், சீதம் என்ற கணக்கெல்லாம் உண்டு, வீட்டில் அவர்களும் இதையேதான் பேசுகிறார்கள். வார்டுக்குள் வந்ததும் அந்தச் சொல்லை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீர் டெஸ்டுக்குப் போத்தல் தருவார்கள். முதலில் கொஞ்சம் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடிக்க வேண்டும். வாயோரத்தைக் கையால் தொடக்கூடாது. வீட்டிலிருந்து ஜாம் போத்தலில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் கைப்பையில் கிடந்தால் கிருமி அதற்குள்ளேயே பெருகிவிடும், ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

பழைய மருந்துக்காரன் | ஞாயிறு, இரவு 7.48

இரவுப்பறவைத் தம்பி, உன்னை மறக்கவில்லை. உன்னுடையது அந்த அண்ணியுடைய பிரச்சினை இல்லை. இளவயது ஆணுக்கு நீர்க்கடுப்போடு மஞ்சளாகக் கசிந்தால் அது அடுப்புச் சூடு அல்ல. எண்ணெய்க் குளியலுக்கும் வெந்தயத்துக்கும் அது அடங்காது. கொஞ்ச நாளில் கசிவு தானாகக் குறைந்தாலும் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாலியல் நோய்களுக்கு அரசாங்க எஸ்.டி.டி. கிளினிக் இருக்கிறது, இலவசம், ரகசியம், போன காரியத்தை யாரும் வீட்டுக்குக் கடிதம் போட மாட்டார்கள். கூட இருந்தவருக்கும் மருந்து வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப உனக்கே வரும். பார்மசிக்குப் போகாதே.

இரவுப்பறவை | ஞாயிறு, இரவு 8.20

புரிந்தது ஐயா. அம்மாவிடம் சூடு என்றே இருக்கட்டும்.

பழைய மருந்துக்காரன் | ஞாயிறு, இரவு 8.24

அம்மாவிடம் அப்படியே இருக்கட்டும். டொக்டரிடம் மட்டும் வேண்டாம்.

ஊவா வாத்தியார் | ஞாயிறு, இரவு 9.05

இந்த இடத்தில் ஒரு பழைய சொல் ஞாபகம் வருகிறது. எங்கள் பாட்டி இதை "வெட்டை" என்பார். வெட்டை என்றாலே சூடுதான். ஆனால் ஆணுக்கு இரவுப்பறவை சொன்னது மாதிரி வந்தாலும் வெட்டை, பெண்ணுக்கு வெள்ளைப்பட்டாலும் வெட்டை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டார்கள். இன்ஃப்ளமேஷன் என்று நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், பாதியளவுக்கு.

கண்டி வார்ட் அக்கா | ஞாயிறு, இரவு 9.20

சேர், அந்தப் பாட்டி சொல்லால்தான் வார்டில் நிறையச் சங்கடம். வெள்ளைப்படுதல் சூட்டால்தான் என்று நினைத்து இரண்டு வருஷம் மோர் குடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்குக்கு நடுவில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வருவது நோயே இல்லை, அதற்கு எதுவும் வேண்டாம். தயிர்க்கட்டி மாதிரி வந்து அரிப்பு எடுத்தால் அது ஒன்று. மீன் வாடை அடித்தால் வேறொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. சூடு என்று மட்டும் சொன்னால் எது என்று எவருக்கும் தெரியாது. நிறம், வாடை, அரிப்பு, இந்த மூன்றையும் வெட்கப்படாமல் சொன்னால் போதும். மொழிபெயர்க்கிறவர் தம்பியோ மாமனாரோ என்றால் அந்த அம்மா சொல்லவே மாட்டார், சூடு என்று முடித்துக்கொள்வார். அந்தச் சொல்லுக்குப் பாதி வேலையே அதுதான் என்று நினைக்கிறேன். மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு உதவி கேட்க அது வசதியாக இருக்கிறது.

சாமிமலைக்காரி | திங்கள், காலை 10.10

அட்மிட் பண்ணிவிட்டார்கள். காய்ச்சல் 102 ஏறியது. நீர் டெஸ்ட் யூ.எஃப்.ஆர். ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ், அதாவது சீழ் அணுக்கள், "ஃபீல்ட் ஃபுல்" என்று எழுதியிருக்கிறது. கல்ச்சருக்கும் எடுத்தார்கள், வர இரண்டு மூன்று நாளாகுமாம். கிட்னி வரை ஏறிய இன்ஃபெக்ஷன் என்று சொன்னார்கள். சேலைனும் ஊசி மருந்தும் ஏறுகிறது. கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை என்று சொன்னபோதுதான் அண்ணன் உட்கார்ந்தார். குழந்தை முந்திப் பிறந்துவிட்டால் என்று நுரையீரலுக்கு ஒரு ஊசி போட்டார்கள், இன்னொன்று இருக்கிறதாம்.

"சூ கரத்தி தனவா" என்றதும் அந்த மிஸ் நிமிர்ந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை நான் ஐந்து நிமிஷம் பேசியதில் வராத காரியம் அந்த மூன்று சொல்லில் வந்துவிட்டது. அந்த டொக்டர் மேல் கோபம் வந்தது, பிறகு என் மேலும் வந்தது.

ஐயா, ஒரு கேள்வி. சீரகத்தண்ணியில் வலி நின்றதே, அப்போது அது சூட்டு வலிதானே?

பழைய மருந்துக்காரன் | திங்கள், பகல் 1.30

நல்ல செய்தி மகள். உங்கள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பனடோல் காய்ச்சலை அமுக்கி வைத்திருந்தது, 98.4ஐப் பார்த்து ஏமாந்தது நீங்கள் மட்டுமில்லை.

சூட்டு வலிக் கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதில்தான் எங்கள் பக்கம் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகு வயிறு சும்மாவே அப்பப்ப இறுகும். கணக்கு இல்லாமல் வரும், படுத்தால், தண்ணீர் குடித்தால் போய்விடும். பெரியவர்கள் அதைத்தான் சூட்டு வலி என்றார்கள், பிழை இல்லை. சீரகத்தண்ணி குடித்து நின்றால் சூட்டு வலி, கூடினால் பிள்ளை வலி என்று ஒரு சோதனையும் வைத்துக்கொண்டார்கள். மாதம் நிறைந்தவருக்கு அது பெரிய தவறாகப் போகாது. எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போகிறார்.

31 வாரத்தில் அது பொருந்தாது. நீரில் கிருமி இருந்தால் கர்ப்பப்பையும் உறுத்தப்பட்டு இறுகத் தொடங்கும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் இறுகும். அண்ணிக்கு இரண்டும் இருந்தன. இரண்டு கப் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ளே போனதால் கொஞ்சம் அடங்கியது, சீரகத்துக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. கிருமி அங்கேயேதான் இருந்தது, அதனால் திரும்ப வந்தது. 37 வாரம் ஆகாதவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் நாலைந்து தடவை வயிறு இறுகினால், நின்றாலும் நிற்காவிட்டாலும், போய்க் காட்ட வேண்டும். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால் இறுக்கத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே போக வேண்டும்.

அந்த வலிக்கு இங்கிலீஷில் ஹீட் பெயின் என்று மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. "டைட்னிங்" என்று சொல்லி, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று சேர்த்தால் போதும்.

மாமியின் மருமகள் | திங்கள், மாலை 4.02

சீரகத்தண்ணியை இவ்வளவு லேசாக விட வேண்டாம் ஐயா. எனக்கு இரண்டு பிள்ளைக்கும் அதில்தான் கண்டுபிடித்தோம். முதல் பிள்ளைக்கு மூன்று தடவை நின்றது, நாலாவது தடவை நிற்கவில்லை, விடிய விடியப் பிறந்தது. எங்கள் கிளினிக் மிட்வைஃபே அப்படித்தான் சொன்னார்.

பழைய மருந்துக்காரன் | திங்கள், மாலை 4.30

உங்களுக்கு எத்தனை வாரத்தில்?

மாமியின் மருமகள் | திங்கள், மாலை 4.41

39ல்.

பழைய மருந்துக்காரன் | திங்கள், மாலை 4.45

அதைத்தானே சொன்னேன்.

மாமியின் மருமகள் | திங்கள், மாலை 4.50

சரி. ஆனால் சீரகத்தை விட மாட்டேன்.

டிக்கோயா ராஜா | திங்கள், மாலை 6.15

எனக்கு விளங்காத ஒன்று. நுவரெலியாப் பக்கம் காலையில் வாய் திறந்தால் புகை வருகிற குளிர். இங்கே இருக்கிறவனுக்கு எங்கிருந்து உடம்பு சூடு வரும்? கீழே கொழும்பு, யாழ்ப்பாணம் என்றால் சரி.

கண்டி வார்ட் அக்கா | திங்கள், மாலை 6.50

குளிரால்தான் வருகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? குளிரில் தாகம் எடுக்காது. காலையில் ஒரு தேத்தண்ணி, பகலில் ஒரு தேத்தண்ணி, அவ்வளவுதான் உள்ளே போகிறது. எங்கள் அம்மா 28 வருஷம் கொழுந்து எடுத்தவர். மலைக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டு போக மாட்டார். கேட்டால், "குடிச்சா போகணும், எங்க போறது?" என்பார். நிறையில் கக்கூஸ் கிடையாது. மழையில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, பக்கத்து நிறையில் கங்காணி நிற்க, எங்கே போவது? காலை ஏழு மணியிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை அடக்கி வைப்பார். குறைவாகக் குடித்த நீர் கெட்டியாகிக் கடும் மஞ்சளாகப் போகும், அதுவே எரியும். அந்த எரிவு தண்ணீர் குடித்தால் ஒரு நாளில் போய்விடும், நோய் இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் நீரில் கிருமி தங்கும், வயிற்றில் பிள்ளை இருந்தால் கிட்னியிலிருந்து நீர் இறங்கும் குழாயே தளர்ந்து நீர் தேங்கி நிற்கும், இன்னும் சுலபமாக ஏறும்.

ஆக "நீர் சூடு" என்று இரண்டு பேர் சொன்னால் ஒருவருக்குத் தண்ணீர் போதும், மற்றவருக்கு ஊசி மருந்து வேண்டும். இரண்டு நாள் நன்றாகக் குடித்தும் எரிவு போகாவிட்டால், கலங்கினால், வாடை அடித்தால், சொட்டுச் சொட்டாக ஓடினால் இரண்டாவது ஆள். கர்ப்பிணி என்றால் இரண்டு நாளும் காத்திருக்கக் கூடாது.

டிக்கோயா ராஜா | திங்கள், இரவு 7.20

இது தெரியாது. என் மனைவியும் மலைக்குப் போகிறவர். போத்தல் கொண்டுபோ என்று சொல்லலாம், கக்கூஸ் இல்லாத இடத்தில் அந்தப் புத்திமதி எவ்வளவு தூரம் போகும்?

கண்டி வார்ட் அக்கா | திங்கள், இரவு 7.31

போகாது. அதை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்க முடியாது.

பார்மசி பெடியன் | திங்கள், இரவு 8.05

நோர்ஃப்லொக்ஸாசின் சொன்னதற்கு மன்னிக்கவும். ஒரு கேள்வி. எங்கள் கடையில் பொல்பலா கட்டுக்கட்டாகப் போகிறது, அவித்துக் குடித்தால் நீர் சூடு இறங்கும் என்று. அதையும் நிறுத்தச் சொல்லவா?

பழைய மருந்துக்காரன் | திங்கள், இரவு 8.40

மன்னிப்பெல்லாம் எதற்கு, கேட்டாயே, அதுவே பெரிது. பொல்பலா எங்கள் சிறுபீளைதான். நீரை இறக்கும், உண்மை. இரண்டு நாள் அளவோடு குடித்தால் ஒன்றும் ஆகாது. தண்ணீருக்குப் பதிலாக மாதக்கணக்கில், கடுமையாக அவித்துக் குடிக்கிறவர்கள்தான் பிரச்சினை. அதில் ஒக்சலேட் இருக்கிறது, அது சிறுநீரகத்தில் படியும். அப்படிக் கிட்னி பழுதான நோயாளியைப் பற்றி இங்கே டொக்டர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிருமியை அது கொல்லாது. எரிவு குறைந்தது போல இருக்கும், கிருமி மேலே ஏறிக்கொண்டிருக்கும். அந்த அண்ணிக்கு நடந்ததே அதுதான், சீரகத்தின் இடத்தில் பொல்பலாவைப் போட்டுப் பார்.

ஊவா வாத்தியார் | செவ்வாய், காலை 7.15

ஒரு எதிர்ப்பு. எல்லாவற்றையும் இடம், நாள், செய்கை என்று உடைத்துவிட்டால் சூடு என்ற சொல்லுக்கு ஒன்றும் மிஞ்சாதா? என் அம்மாவுக்கு 71 வயது, இரவில் உள்ளங்கால் சூடு என்று சீமெந்துத் தரையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தொட்டுப் பார்த்தேன், கால் ஐஸ் மாதிரி இருக்கிறது. இதற்கு என்ன சொல்வது?

கண்டி வார்ட் அக்கா | செவ்வாய், காலை 8.00

சீனி பார்த்தீர்களா சேர்? "பர்னிங் ஃபீட்" என்று சொல்லி, தொட்டால் குளிர்ச்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது நரம்பைத் தேட வைக்கும். சீனி நோயில் இப்படி வரும், விட்டமின் பி12 குறைந்தாலும் வரும். பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

ஊவா வாத்தியார் | செவ்வாய், காலை 8.12

சீனி பார்க்கவில்லை. நாளைக்குக் கூட்டிப்போகிறேன்.

சாமிமலைக்காரி | வியாழன், மாலை 5.30

கல்ச்சர் வந்தது. கோலிஃபோர்ம், ஒரு மில்லிலீட்டரில் 1,00,000க்கு மேல். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்று கீழே ஒரு பட்டியல் இருக்கிறது. பார்மசித் தம்பி, நீங்கள் சொன்னதற்கு நேரே "ஆர்" என்று போட்டிருக்கிறது, அதாவது அடங்காது. நடுக்கம் செவ்வாயோடு நின்றது, வயிற்று இறுக்கமும் நின்றது. ஊசியிலிருந்து குளிசைக்கு மாற்றியிருக்கிறார்கள், அதை முடிக்க வேண்டும், முடிந்து ஒரு கிழமையில் திரும்பவும் நீர் கல்ச்சர் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். கிருமி போகாமல் எரிவு மட்டும் போயிருக்கலாமாம்.

இன்று காலை ரவுண்டில் ஒரு பெரிய டொக்டர், தமிழ் தெரிந்தவர், அண்ணியிடம் நேராகவே கேட்டார்: "இப்ப எப்படி அம்மா?" அண்ணி சொன்னார், "நீர் எரிவு இல்ல டொக்டர், முதுகு வலி இல்ல, நடுக்கம் இல்ல." அவ்வளவு நன்றாகப் பழகிவிட்டார். டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் என்னிடம் மெதுவாக, "ஆனா ஒடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றார்.

எங்கே என்று கேட்டேன். தெரியவில்லையாம். தேர்மோமீட்டர் 98.2.

கண்டி வார்ட் அக்கா | வியாழன், மாலை 6.10

தூங்கினாரா?

சாமிமலைக்காரி | வியாழன், மாலை 6.14

இல்லை. நாலு நாளாக. பக்கத்துக் கட்டிலில் பிள்ளை இழந்த ஒரு அம்மா இருக்கிறார்.

கண்டி வார்ட் அக்கா | வியாழன், மாலை 6.31

அதையும் ரவுண்டில் சொல்லுங்கள். "நொட் ஸ்லீப்பிங்." கட்டிலை மாற்ற முடியுமா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள், சில நேரம் மாற்றித் தருவார்கள்.